சான்றிதழுக்குக் காசு கட்டுமுன் கேளுங்கள்: பரீட்சித்தவர் யார்?

(எமது சங்கத்தின் மாத்தளை மாவட்ட இளைஞர், மாதர் கூட்டத்தில் ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுத் திட்டத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. உங்கள் பிள்ளைகள் போனில் பார்த்துக் காசு கட்டும் கோர்ஸுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். சாதாரண தரம், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு தினமும் விளம்பரம் வருகிறது. "மூன்றே மாதத்தில் சர்வதேச டிப்ளோமா", "வீட்டிலிருந்தே படிக்கலாம்", "லண்டன் சான்றிதழ்" என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இது நல்ல கோர்ஸா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இன்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கோர்ஸ் என்று வையுங்கள். பதிவுக்கு 5,000 ரூபா, மாதம் 13,000 படி மூன்று மாதம், கடைசியில் சான்றிதழுக்கு 6,000. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது "மாதம் 13,000" மட்டும்தான். கூட்டிப் பார்த்தால் 50,000. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை வைத்தே கணக்கெடுப்போம். ஈ.பி.எஃப். நூற்றுக்கு எட்டு கழிந்தால் கைக்கு வருவது 1,242. ஐம்பதாயிரத்தைச் சேர்க்க ஓர் அம்மா நாற்பது பேருக்கும் சற்று மேலே போட வேண்டும். மாதத்திற்கு இருபது நாள் வேலை கிடைக்கிற தோட்டத்தில் அது முழுசாக இரண்டு மாதச் சம்பளம். அதில் அரிசி வாங்கவில்லை, கடைக் கடன் கட்டவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கே. ஆகவே "ஒரு சான்றிதழ் கூட இருந்தால் நல்லதுதானே" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. அந்த நாற்பது நாள் கொழுந்துக்கு என்ன திரும்பி வரும் என்று கேட்க வேண்டும்.

இதற்கு முதலில் வேலை கொடுப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். சான்றிதழைக் கையில் எடுத்ததும் அவர் எல்லையில்லாமல் யோசிப்பதில்லை. அவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள். இந்தப் பிள்ளையைப் பரீட்சித்தவர் யார்? இது உண்மைதானா என்று நான் எங்கே பார்க்கலாம்? இதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையால் நாளைக் காலையில் என்ன செய்ய முடியும்? இந்த மூன்றில் முதலாவதுதான் பெரியது. அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தானாக விளங்கும்.

நம் பிள்ளைகள் சாதாரண தரம் எழுதுகிறார்களே, அதை யோசித்துப் பாருங்கள். படிப்பிப்பது நான். வினாத்தாள் போடுவது நானா? இல்லை. திருத்துவது நானா? இல்லை. பரீட்சைத் திணைக்களம் கொழும்பில் இருந்து நடத்துகிறது. என் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எல்லாப் பாடத்திலும் நானே ஏ போட்டுக் கொடுத்தால் அந்தத் தாளை யாராவது மதிப்பார்களா? படிப்பித்தவர் ஒருவர், பரீட்சித்தவர் இன்னொருவர் என்று இருப்பதால்தான் அந்தச் சான்றிதழுக்குப் பெறுமதி. கோர்ஸ் விற்கிறவரே பரீட்சை வைத்து, அவரே பாஸ் போட்டு, அவரே முத்திரை குத்திக் கொடுக்கும் தாள், நீங்கள் காசு கட்டியதற்கான பற்றுச்சீட்டு. தடித்த தாளில் தங்க எழுத்தில் அச்சடித்திருப்பதால் அது பற்றுச்சீட்டு இல்லாமல் போய்விடாது.

ஒரு தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். உயர்தரம் முடித்தவர். ஒன்லைனில் "கணினி மற்றும் அலுவலக முகாமைத்துவ சர்வதேச டிப்ளோமா" என்று ஒன்றைப் படித்தார். வாரத்திற்கு இரண்டு நாள் சூம் வகுப்பு. டேட்டா காசு தனி. கடைசிப் பரீட்சை என்பது போனில் இருபது கேள்விகள், விடையைத் தொட வேண்டியதுதான். சரியாக வராவிட்டால் மறுபடியும் தொடலாம். எல்லோரும் பாஸ். பட்டமளிப்புக்கு மண்டபம் வைத்தார்கள், அங்கிக்கு வாடகை, போட்டோவுக்குக் காசு. அந்தப் படம் லயத்துக் காம்பராவில் சுவரில் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது.

பிறகு மாத்தளை டவுனில் ஒரு காரியாலயத்தில் கிளார்க் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அங்கே இருந்தவர் சான்றிதழை ஒரு தடவை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "இந்த இருபது பில்லையும் எக்ஸெலில் போட்டு, எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டிக் காட்டுங்கள்" என்றார். இந்தத் தங்கச்சி அத்தனை வகுப்பையும் போனில்தான் பார்த்தவர். எக்ஸெலைக் கண்ணால் கண்டிருக்கிறார், கையால் போட்டதில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. அந்தக் காரியாலயக்காரரைக் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் நேரிலேயே பார்த்துக்கொண்டார். அந்தச் சான்றிதழ் இந்தத் தங்கச்சிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அவருக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியது பேசாமல் கிடந்தால் அது சுவருக்கு அலங்காரம்தான்.

இனி இந்த நாட்டில் பேசுகிற சான்றிதழ் எது என்று பார்ப்போம். தொழில் சம்பந்தமாக அதற்கென்று ஒரு சட்டமும் ஓர் ஆணைக்குழுவும் உண்டு. 1990ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் பொறுப்பில் இருப்பதுதான் நாம் என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற்தகைமை. அதில் ஏழு மட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். சமையல்காரர், வெயிட்டர், அறை பராமரிப்பவர், மேசன், வயரிங், வெல்டிங், தையல், வாகனம் திருத்துதல், முதியோர் பராமரிப்பு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் "இன்ன இன்ன வேலை செய்யத் தெரிய வேண்டும்" என்று தேர்ச்சி நியமம் எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து, அந்த நியமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். படிப்பித்தவர் வேறு, பார்த்தவர் வேறு. அதனால்தான் தம்புள்ளையில் கொடுத்தாலும் நீர்கொழும்பில் கொடுத்தாலும் இதற்கு ஒரே பெறுமதி.

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். விளம்பரத்தில் "ஆணைக்குழுவில் பதிவுபெற்ற நிறுவனம்" என்று போட்டிருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாகவே பதிவு பெற்றிருக்கலாம். ஆனால் நிறுவனம் பதிவுபெறுவது ஒன்று, அங்கே நடக்கும் இந்த ஒரு கோர்ஸ் தரச்சான்று பெறுவது இன்னொன்று. பஸ்ஸுக்கு ரூட் பெர்மிட் இருப்பதைப் போல யோசித்துப் பாருங்கள். அந்த பஸ் மாத்தளை - கண்டி ஓடுவதற்கு அனுமதி வைத்திருக்கலாம். அதற்காக அது உங்களை ரத்தோட்டைக்குக் கொண்டுபோய் விடும் என்று ஆகாது. ஒரே நிறுவனத்தில் பத்து கோர்ஸ் இருக்கும். இரண்டுக்குத் தரச்சான்று இருக்கும். எட்டு அவர்களுடைய சொந்தச் சான்றிதழில் முடியும். நீங்கள் சேருவது எட்டில் ஒன்றா, இரண்டில் ஒன்றா என்பதுதான் கேள்வி.

அதைப் பார்ப்பது கஷ்டமில்லை. ஆணைக்குழுவின் இணையத்தளம் tvec.gov.lk. பதிவுபெற்ற நிறுவனங்களையும், தரச்சான்று பெற்ற கோர்ஸுகளையும் அங்கே தேடலாம். நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனை மூடிவிடாதீர்கள். உங்கள் கோர்ஸின் பெயர், என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம், எந்தக் கிளையில் என்பதையும் பாருங்கள். கொழும்புக் கிளைக்கு இருப்பது மாத்தளைக் கிளைக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிறகு நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியில் என் கைக்கு வருவது உங்கள் சான்றிதழா, என்.வி.கியூ. சான்றிதழா?" இதற்கு நேரான பதில் வராமல், "இரண்டும் ஒன்றுதான் மகள்", "என்.வி.கியூ.வுக்குச் சமமானது" என்று சுற்றி வளைத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து, கோர்ஸே படிக்காமல் கிடைக்கும் என்.வி.கியூ. பற்றிச் சொல்ல வேண்டும். இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. நம் பையன்கள் எத்தனை பேர் தம்புள்ளை, சீகிரியா, கண்டலமைப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள்? எத்தனை பேர் கொழும்பில் மேசன் பாஸுக்குக் கீழே ஐந்து வருடம், எட்டு வருடம் என்று வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்? வேலை தெரியும், தாள் இல்லை. இவர்களுக்கு மூன்று மாதக் கோர்ஸ் தேவையில்லை. முன்பே கற்றுக்கொண்டதை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் ஆர்.பி.எல். என்பார்கள். நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் மாவட்டக் காரியாலயம் இருக்கிறது.

சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடமாக நிற்கும் ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக மாவட்டக் காரியாலயத்துக்குப் போய், சமையல்காரர் தொழிலுக்கான விண்ணப்பப் படிவத்தையும் தேர்ச்சி நியமத்தையும் கேட்க வேண்டும். அந்த நியமத்தைப் படித்தால் தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று அவருக்கே தெரிந்துவிடும். சோறு, கறி, சூப் எல்லாம் கைவந்திருக்கும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் எதை எதோடு வைக்கக்கூடாது, எந்தச் சூட்டில் எதை வைக்க வேண்டும், ஒரு தட்டுக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால் தடுமாறுவார். அந்தத் தடுமாறும் இடத்தைத்தான் இரண்டு வாரம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அடுத்தது ஆதாரம் சேர்ப்பது. வேலை செய்த இடங்களில் இருந்து சேவைக் கடிதம் வேண்டும். அதில் "நல்ல பையன், ஒழுங்கானவர்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தப் பதவியில், என்ன வேலை செய்தார் என்று இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். பதிவு, வேலை செய்யும் படங்கள் எல்லாமே ஆதாரம்தான். இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு வேலையை விட்டு விலகும்போது சண்டை போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வராதீர்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த ஹோட்டல் மூடப்பட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் உங்களுக்கு இல்லை.

பிறகு மதிப்பீட்டு நாள் வரும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். முடிவு இத்தனை மார்க் என்று வராது. தேர்ச்சி பெற்றவர், அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்று வரும். ஒரு பகுதியில் குறை இருந்தால் அதைப் பழகிக்கொண்டு மறுபடியும் வரலாம். அதைத் தோல்வி என்று எண்ணி வீட்டில் குந்திவிடாதீர்கள். கட்டணம் தொழிலுக்கும் மட்டத்துக்கும் தக்கபடி மாறும். அதைக் காரியாலயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கட்டும் காசுக்கு அரச பற்றுச்சீட்டு வாங்குங்கள். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். வேலை நன்றாகத் தெரிந்தவரும், கேள்வி விளங்காததால் பேசாமல் நின்றுவிட்டால், தெரியாதவர் என்றே எழுதப்படுவார்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் நம் தோட்டங்களில் இதனால் மறிபடுவது அதிகம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வித்தியாசம், சாதாரண தரச் சான்றிதழில் அப்பா பெயர் முன்னுக்குப் பின் என்று இருக்கும். சான்றிதழ் அச்சடித்து வந்த பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். விண்ணப்பம் நிரப்பும் முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

என்.வி.கியூ. எல்லாக் கதவையும் திறக்கும் என்று நான் சொல்லவில்லை. அரச வேலைகளுக்கு வர்த்தமானியில் இந்த மட்டம் வேண்டும் என்று கேட்கும்போது அது இல்லாவிட்டால் விண்ணப்பமே எடுபடாது. அங்கே அதற்குப் பலம் உண்டு. வெளிநாட்டு வேலைகள் சிலவற்றுக்கும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு தனியார் ஹோட்டல்காரர் மூன்றாம் மட்டம் இருக்கிறது என்பதற்காகவே சம்பளத்தைக் கூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அது பேசி வாங்க வேண்டியது. கையில் தாள் இருந்தால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உண்மையான ஒன்லைன் படிப்புக்கு வருவோம். ஒன்லைன் என்றாலே ஏமாற்று என்று பெற்றோர் நினைத்துவிடக்கூடாது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் open.uom.lk என்ற தளத்தில் கணினி மென்பொருள் படிப்பு ஒன்றை இலவசமாகவே நடத்துகிறது. இணையப்பக்கம் வடிவமைப்பதில் தொடங்கி, பைதன் என்ற கணினி மொழி வழியாக, ஆறு பாடங்களாகப் போகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. போனில் பார்த்து முடிக்கக்கூடிய படிப்பும் அல்ல இது, கம்ப்யூட்டர் வேண்டும். பள்ளிக்கூடத்திலோ, சனசமூக நிலையத்திலோ வாரத்தில் சில மணி நேரமாவது கம்ப்யூட்டருக்கு வழி பண்ணிக்கொண்டு பிறகு தொடங்குங்கள். முதல் இரண்டு பாடத்தை முடித்துப் பார்த்தாலே இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்வதற்குக் காசு போகவில்லை. ஐம்பதாயிரம் கட்டிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதை விட இது மேல்.

கோர்செரா போன்ற வெளிநாட்டுத் தளங்களும் உண்டு. அங்கே கூகுள் போன்ற நிறுவனங்கள் போடும் சான்றிதழ்களில் சரிபார்க்கும் இணைப்பு ஒன்று இருக்கும், வேலை கொடுப்பவர் அதைத் தொட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு அது பதில். கட்டண உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். யூடெமி போன்ற தளங்கள் கொடுப்பது பாடத்தைப் பார்த்து முடித்ததற்கான தாள். கற்றுக்கொள்ள நல்லது, தகைமை என்று காட்ட ஆகாது. இன்னும் சில தளங்களில் பத்துப் பதினைந்து மணி நேரப் பாடத்திற்கே டிப்ளோமா என்று பெயர். படிக்க இலவசம், சான்றிதழுக்குத்தான் காசு. அங்கே படியுங்கள், சான்றிதழை வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் துறையில் வேலை கொடுப்பவர் உண்மையில் பார்ப்பது நீங்கள் செய்து வைத்திருக்கும் வேலையை. நம் தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக்கு ஒரு கணக்குத் தாள் போட்டுக் கொடுத்து அது நடக்கிறது என்றால், அதைத் திறந்து காட்டுங்கள். சுவரில் இருக்கும் மூன்று சட்டத்தை விட அது அதிகம் பேசும்.

"லண்டன்" என்று வரும் சான்றிதழ்களுக்கும் ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தில் தகைமைகளைக் கண்காணிக்க ஒஃப்குவால் என்ற அரச அமைப்பு இருக்கிறது. அது அங்கீகரித்த நிறுவனங்களையும் தகைமைகளையும் பதிவேடாக இணையத்தில் போட்டிருக்கிறது, யாரும் இலவசமாகத் தேடலாம். உங்கள் கோர்ஸின் பெயர் அதில் இல்லையென்றால், லண்டன் என்ற எழுத்துக்கு மட்டும் தனியாகக் காசு கட்டாதீர்கள். சி.பி.டி. என்று ஒரு முத்திரை வரும். அது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் தங்கள் அறிவைப் புதுப்பிக்கும் குறும்பயிற்சிக்குப் போடுவது. அதைத் தகைமை என்று விற்றால் நம்பாதீர்கள்.

வெளிநாடு போக எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பானுக்கு "குறிப்பிட்ட திறன்" விசாவில் போவதற்கு என்ன வேண்டும்? ஜே.எஃப்.டி. பேசிக் என்ற மொழிப் பரீட்சை, அல்லது ஜே.எல்.பி.டி. என்.4 மட்டம், அத்தோடு அந்தத் தொழிலுக்கான திறன் பரீட்சை. பராமரிப்பு வேலைக்கு இன்னுமொரு மொழிப் பரீட்சையும் உண்டு. கொரியாவில் ஈ.பி.எஸ். முறையில் வேலைக்குப் போக ஈ.பி.எஸ். டொபிக் பரீட்சை. இந்தப் பரீட்சைகளை நடத்துவது அந்த நாடுகளின் அமைப்புகள். வகுப்பு நடத்துகிறவர் கொடுக்கும் "ஜப்பான் மொழி டிப்ளோமா" இவற்றில் எதற்கும் பதிலாகாது. ஆகவே வகுப்புக்குச் சேரும்போது "டிப்ளோமா கொடுப்பீர்களா" என்று கேட்காதீர்கள். "உங்களிடம் படித்த எத்தனை பேர் அந்தப் பரீட்சையில் பாஸ்? அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா?" என்று கேளுங்கள். கோர்ஸோடு சேர்த்து வேலையும் தருகிறோம் என்று காசு கேட்டால், கட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் பேசி, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோர்ஸ் நடத்த இருக்கும் பதிவு, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி ஆகாது.

ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கும் இதே கதைதான். சிகிரியா ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கப் போகும் பிள்ளையிடம் யாரும் ஆங்கில டிப்ளோமாவைக் கேட்பதில்லை. ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார்கள். நன்றாகப் பேசப் பழக்கும் வகுப்பு என்றால் சான்றிதழே இல்லாவிட்டாலும் காசு தகும். பேசப் பழக்காத வகுப்பு மூன்று சான்றிதழ் கொடுத்தாலும் தகாது. ஆகவே அங்கே பார்க்க வேண்டியது ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நேரம் வாய் திறந்து பேசுகிறது என்பதை.

ஏற்கெனவே காசு கட்டி அலங்காரச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகளை யாரும் கேலி செய்ய வேண்டாம். அவர்கள் படிக்க ஆசைப்பட்டார்கள், அந்த ஆசையில் வேறொருவர் வியாபாரம் செய்தார். நான் சொன்ன அந்தத் தங்கச்சி இப்போது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் போட்டுப் பழகுகிறார். அடுத்ததாக, தரச்சான்று பெற்ற கோர்ஸ் எது என்று பார்த்துத்தான் விண்ணப்பித்திருக்கிறார். பழைய சான்றிதழை விண்ணப்பத்தில் போடலாமா என்று கேட்டார். "போடுங்கள், ஆனால் கடைசி வரியில் போடுங்கள். உங்களால் செய்ய முடிந்ததை முதல் வரியில் எழுதுங்கள்" என்று சொன்னேன்.

இனி சங்கத்தின் பக்கத்தில் செய்யக்கூடியது. ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பி போடுங்கள். வேலை தெரிந்து தாள் இல்லாதவர்களின் பெயர், தொழில், எத்தனை வருட அனுபவம், சேவைக் கடிதம் இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரே தொழிலில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால், தனித்தனியாக பஸ் காசு செலவழித்து அலைய வேண்டியதில்லை. நாம் ஒரு குழுவாக மாவட்டக் காரியாலயத்தில் போய், தமிழில் மதிப்பீடு செய்யக்கூடிய ஒருவரை ஒழுங்கு செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் "பிறகு வாருங்கள்" என்பார்கள். பதினைந்து பேரின் பட்டியலைச் சங்கக் கடிதத்தோடு கொடுத்தால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

காசு கட்டச் சொல்லி ஒரு விளம்பரம் வந்தால், அதை ஸ்க்ரீன் ஷொட் எடுத்து, கட்டுமுன் தோட்டத் தலைவரிடமோ என்னிடமோ காட்டுங்கள். "இன்று இரவுக்குள் கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்தினால் கட்டாயமாகக் காட்டுங்கள். tvec.gov.lk இல் பார்த்துச் சொல்லக் கால் மணி நேரம் போதும். நாற்பது நாள் கொழுந்துக் காசுக்கு அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள், விண்ணப்பப் படிவங்கள் சிலவற்றையும் கொண்டு வந்திருக்கிறேன்.